மேடைப் பின்னணி பேனர், 24க்கு 8 அடி, பல படம் சேர்ந்தது: கடைக்கு அனுப்பும் குறிப்பைப் பார்த்துச் சொல்லுங்க

ஆற்றங்கரை குமார்

எங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பொன்விழா. மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரை நான் செஞ்சு தர்றேன்னு ஒப்புக்கிட்டேன். அளவு 24 அடி அகலம், 8 அடி உயரம். பின்னணியில் பள்ளிக் கட்டடம். செல்போனை நிமிர்த்திப் பிடிச்சு இடமிருந்து வலமா ஏழு படம் எடுத்து ஒண்ணாச் சேர்த்திருக்கேன். அதுக்கு முன்னால, இந்தப் பள்ளியில் இதுவரை பாடம் நடத்தின 34 ஆசிரியர்களின் முகங்கள். வரிசைக்கு 17 வீதம் இரண்டு வரிசை, ஒவ்வொரு முகமும் 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம்.

போன வருஷம் நூலகத்துக்கு இதே மாதிரி ஒரு பேனர் அடிச்சோம். ஓரத்தில் இருந்த நன்கொடையாளர் பெயர் சட்டத்தின் மடிப்புக்குள்ள போயிடுச்சு. அவர் நேரில் வந்து தேடிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனார். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகலை. இந்தத் தடவை எல்லாத்தையும் எழுத்தில் கொடுத்திடலாம்னு இருக்கேன். நான் எழுதி வச்சது இது:

> வணக்கம். பேனர் 24 x 8 அடி. ரெசல்யூஷன் 300. ப்ளீட் நாலு பக்கமும் 3 மி.மீ. ஃபைல் நாளைக்கு அனுப்புகிறேன். நல்ல தரமாக அடித்துத் தரவும்.

இதில் என்ன விட்டுப்போச்சு?

---

செல்வி அச்சுக்கலை

குமார், ரொம்பச் சரியா எழுதியிருக்கீங்க. நான் பன்னிரண்டு வருஷமா கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் டிசைன் பண்றேன். 300 இல்லாம எதையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது, பிசிறடிக்கும். ப்ளீட் 3 மி.மீ. போதும், கட்டிங் மெஷின் அதுக்கு மேல விலகாது. சிஎம்ஒய்கே-வுக்கு மாத்திட்டு அனுப்புங்க, அதை மட்டும் குறிப்பில் சேர்த்துக்கோங்க.

---

ரோல் மெஷின் பாபு

செல்வி அக்கா சொல்றது தாள் அச்சுக்கு அப்படியே பொருந்தும். ஃப்ளெக்ஸுக்குப் பொருந்தாது. நான் பத்தடி மெஷின் ஓட்டுறவன், அதனால என் பக்கத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல ப்ளீட். பத்திரிகையில் அது வெட்டுறப்போ கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை தெரியாம இருக்கிறதுக்கு. இங்க கத்தியே கிடையாது. பேனரை ரீப்பர் சட்டத்து மேல போட்டு இழுத்து, பக்கவாட்டில் மடிச்சு, பின்னால ஆணியோ ஸ்டேப்ளரோ அடிப்பாங்க. சட்டக் கட்டை ஒன்றரை இஞ்ச் கனம்னா, பின்னால பிடிச்சு இழுக்க இன்னும் ரெண்டரை இஞ்ச் வேணும். ஆக நாலு பக்கமும் நாலு நாலு இஞ்ச். உங்க 3 மி.மீ. கட்டையோட முனையைக்கூடச் சுத்தாது. நூலகப் பேனர்ல பெயர் மடிப்புக்குள்ள போனதுக்கு இதுதான் காரணமா இருக்கும். 24க்கு 8னு ஃபைல் கொடுத்திருப்பீங்க, அவங்க அடிச்சுட்டு, மடிக்க இடம் இல்லாததால படத்தையே மடிச்சிருப்பாங்க.

அதனால "24 x 8"னு மட்டும் எழுதாதீங்க. அது கண்ணுக்குத் தெரியுற அளவா, மடிப்போட சேர்த்த அளவான்னு எனக்குத் தெரியாது. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. கணக்கு இப்படி வரும்:

```
(288 + 4 + 4) = 296 அங்குலம்;  296 x 72 = 21312 பிக்சல்
( 96 + 4 + 4) = 104 அங்குலம்;  104 x 72 =  7488 பிக்சல்
```

72 ஏன்னு அப்புறம் வர்றேன், மெஷின்ல வேலை ஓடிட்டு இருக்கு.

---

ஆற்றங்கரை குமார்

பாபு அண்ணா, நீங்க சொன்னதேதான் நடந்துச்சு. மடிக்க இடம் கேட்டாங்களான்னு நினைச்சுப் பார்க்கிறேன், யாரும் கேட்கலை. எனக்கும் சொல்லத் தெரியலை.

72 எப்படிப் போதும்னு மட்டும் புரியலை. ஆசிரியர்கள் முகம் இது. மங்கலா வந்தா மனசு கேட்காது.

---

செல்வி அச்சுக்கலை

எனக்கும் அதே கேள்விதான். 72 கம்ப்யூட்டர் திரைக்கு, 300 அச்சுக்கு. எங்க காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. மடிப்பு விஷயத்தை ஏத்துக்கிறேன், இதை ஏத்துக்க முடியலை.

---

ரோல் மெஷின் பாபு

அக்கா, காலண்டரை எத்தனை இஞ்ச் தள்ளி வச்சுப் பார்ப்பீங்க? பன்னிரண்டு, பதினஞ்சு. அதுக்கு 300 வேணும். கண்ணு எவ்வளவு நுணுக்கம் பிரிச்சுப் பார்க்கும்ங்கறது தூரத்தைப் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவருக்கு 3438-ஐ இஞ்ச் கணக்குல தூரத்தால வகுத்தா, அதுக்கு மேல பிக்சல் வச்சாலும் கண்ணுக்குத் தெரியாதுங்கற எல்லை கிடைக்கும். முன்வரிசை நாற்காலி மேடைப் பின்திரையில இருந்து 15 அடின்னு வைங்க. 180 இஞ்ச். வகுத்தா 19தான் வருது. விழா முடிஞ்சதும் எல்லாரும் மேடையேறி தங்கள் டீச்சர் முகத்துக்குப் பக்கத்துல நின்னு படம் எடுப்பாங்க இல்லையா, அப்போ நாலடி தூரம். 48 இஞ்ச். வகுத்துப் பாருங்க, 72க்குக் கொஞ்சம் கீழ வரும்.

300ல செஞ்சா என்ன ஆகும்? 296 இஞ்சுக்கு 88,800 பிக்சல், 104 இஞ்சுக்கு 31,200. மொத்தம் 277 கோடி பிக்சல். ஆர்ஜிபி-ல எட்டு ஜிபிக்கு மேல. டிஃப் ஃபைல் நாலு ஜிபிக்கு மேல சேமிக்காது. ஜேபெக் ஒரு பக்கம் 65,535 பிக்சலுக்கு மேல போகாது. எப்படியோ சேமிச்சுக் கொண்டுவந்தாலும் எங்க ரிப் மென்பொருள் அதைத் திறக்கவே திணறும், கடைசியில ஆபரேட்டர் சின்னதாக்கிட்டுத்தான் அடிப்பார். எப்படிச் சின்னதாக்குவார்ங்கறது உங்க கையில இல்ல. 72ல வச்சா 16 கோடி பிக்சல், திறந்த நிலையில 480 எம்பி பக்கம். எந்தக் கடையிலும் ஓடும்.

---

தேனி ராசு

அப்போ மெஷின் விளம்பரத்துல 720 டிபிஐ, 1440 டிபிஐன்னு போடுறாங்களே, அது பொய்யா? நாம 72 கொடுத்தா மெஷின் வீணாகாதா?

---

ரோல் மெஷின் பாபு

பொய் இல்ல தம்பி, அது வேற எண். அது மை துளி விழுற நெருக்கம். மெஷின்கிட்ட நாலு மைதான் இருக்கு. உங்க படத்துல ஒரு பிக்சல் வெளிர் பழுப்புன்னா, அதைக் காட்ட அந்த இடத்துல மஞ்சள், சிவப்பு, கொஞ்சம் நீலம்னு பல துளி தெளிக்கணும், நடுவுல வெள்ளையும் விடணும். ஒரு பிக்சலுக்குப் பல துளி தேவைப்படுறதாலதான் துளி எண்ணிக்கை அவ்வளவு பெரிசா இருக்கு. குறிப்பில் படத்தோட பிக்சலைத்தான் எழுதணும். மெஷின் எண்ணைக் கடைக்காரர் பார்த்துக்குவார்.

---

கண்மணி ஸ்டோர்ஸ்

நல்ல இழை. எங்க கடை போர்டுக்கும் இதே 72 போதுமா? 10க்கு 3 அடி, உள்ளே டியூப் லைட் எரியும். மூணு வருஷத்துல வெளுத்துப் போச்சு, புதுசா மாத்தணும்.

---

ரோல் மெஷின் பாபு

உங்களது பேக்லிட். துணியே வேற, மையும் அடர்த்தியா விழணும், இல்லன்னா ராத்திரி வெளிச்சத்துல நிறம் வெளிறித் தெரியும். கடைகிட்ட "உள்ளே லைட் இருக்கு"ன்னு முதல் வரியிலயே எழுதுங்க. போர்டு நடைபாதை ஓரம் கண்மட்டத்துல இருந்தா 100 வைங்க. பெட்டிச் சட்டத்துக்கு மடிப்பு எவ்வளவுன்னு போர்டு செய்யுறவர் அளந்துதான் சொல்லணும். தனி இழை போடுங்க, விவரமா பேசலாம். இங்க குமாரோட பேனர் குழம்பிடும்.

---

மீனாட்சி ஸ்டுடியோ

நான் பழைய படங்களைச் சீர்செய்து தருகிறவள். இதுவரை எல்லோரும் ஃபைலின் எண்ணைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். ஃபைலை 72இல் திறந்து வைத்துவிட்டால் அதற்குள் போடும் படமும் 72 ஆகிவிடாது. குமாரின் பேனர் பல இடத்திலிருந்து வந்த படங்களின் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

குமார் தம்பி, அந்த ஏழு படம் சேர்த்தது எத்தனை பிக்சல்? முகங்கள் எங்கிருந்து வந்தன?

---

ஆற்றங்கரை குமார்

அக்கா, போனில் ஒவ்வொரு படமும் 3000க்கு 4000. ஒண்ணுக்கொண்ணு நாற்பது சதவீதம் மேலேறி இருக்கும்படி எடுத்தேன். சேர்த்து, மேலும் கீழும் வளைஞ்ச ஓரங்களை வெட்டினதுக்கு அப்புறம் 13,800க்கு 3,400 நிக்குது.

முகங்கள் மூணு விதம். 19 பேருக்குப் பாஸ்போர்ட் படம் கிடைச்சது, 300ல ஸ்கேன் பண்ணினேன். 11 பேருக்கு அவங்க வீட்டார் புதுப் படம் அனுப்பினாங்க. நாலு பேர் இப்போ இல்லை. அவங்க முகம் 1987 குரூப் போட்டோவில் மட்டும்தான் இருக்கு. பழைய மாணவர் ஒருத்தர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

---

மீனாட்சி ஸ்டுடியோ

கட்டடம் 13,800 பிக்சலை 296 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 46. பதினைந்து அடியிலிருந்து பார்க்கக் குறையே இல்லை, பின்னணிதானே. ஆனால் அதே கணக்கில் உயரம் 73 அங்குலம்தான் வரும். உங்களுக்கு வேண்டியது 104. மிச்சம் 31 அங்குலத்துக்கு வானத்தை நீட்டிக் கொள்ளுங்கள், தலைப்பும் அங்கே உட்காரட்டும். உயரத்தை நிரப்புவதற்காகக் கட்டடத்தை இழுக்க வேண்டாம். தூண்கள் ஒல்லியாகி நிற்கும், அந்தப் பள்ளியில் படித்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாஸ்போர்ட் படம் 35 மி.மீ. அகலம். 300இல் ஸ்கேன் செய்தால் 413 பிக்சல். 12 அங்குலத்துக்கு விரித்தால் 34. அதே படத்தை 600இல் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள், 827 கிடைக்கும், 69 ஆகிவிடும். 1200க்குப் போகாதீர்கள். அதற்கு மேல் காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும், முகத்தில் புதிதாக ஒன்றும் வராது.

என் கவலை அந்த நான்கு பேர். பழைய குரூப் போட்டோ 12 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 1600 பிக்சல் வாக்கில் சுருங்கி வரும். ஒரு தலையும் தோளும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் 90 பிக்சல் சொச்சம்தான் இருக்கும். 12 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு எட்டுகூட வராது. கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாகத் தெரியும். அசல் படம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய் 600இல் ஸ்கேன் செய்து வாங்கினால் 400க்கு மேல் கிடைக்கும், 35. அருகில் வந்து பார்த்தால் மிருதுவாக இருக்கும், ஆனால் முகம் முகமாக இருக்கும்.

அடிப்பதற்கு முன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி. 15.6 அங்குல ஃபுல் எச்டி மடிக்கணினித் திரையில் அங்குலத்துக்கு 141 பிக்சல். உங்கள் 72 ஃபைலை 200 சதவீதத்தில் வைத்தால் திரையில் தெரிவது ஏறத்தாழ அச்சின் நிஜ அளவு. அப்படி வைத்துவிட்டு நான்கடி தள்ளி நில்லுங்கள். பிறகு பதினைந்தடி. எந்த முகம் உறுத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

---

ஆற்றங்கரை குமார்

இப்போதான் செஞ்சு பார்த்தேன் அக்கா. நாலடியில் நின்னப்போ எங்க கணக்கு வாத்தியார் முகம் அடையாளமே தெரியலை. சின்னத் திரையில் நல்லாத்தான் இருந்துச்சு. அசல் படம் வச்சிருக்கிறவர் பக்கத்து ஊர், ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரை எடுத்துட்டு நானே போறேன்.

---

கோவை ஜெயந்தி

நான் டிசைனர் இல்லை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒன்று கேட்கலாமா? இரண்டு வரிசை முகமும் பேனரின் எந்த இடத்தில்?

---

ஆற்றங்கரை குமார்

கீழ்ப்பக்கம் டீச்சர். கட்டடத்துக்கு முன்னால் எல்லாரும் நிற்கிற மாதிரி.

---

கோவை ஜெயந்தி

அப்படியானால் விழா நேரம் முழுக்க அவர்களை யாரும் பார்க்க முடியாது. மேடையில் சிறப்பு விருந்தினர் நாற்காலிகள் போடுவார்கள். உட்கார்ந்தவர் தலை தரையிலிருந்து நாலடிக்கு மேல் வரும். பார்வையாளர் மேடையை விடத் தாழ்வாக உட்கார்ந்து மேல்நோக்கிப் பார்ப்பதால் இன்னும் அதிகமாக மறையும். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நிறுவனர் படம் இப்படித்தான் மாலை போட்ட விருந்தினர்களுக்குப் பின்னால் போய்விட்டது. முகங்களை மேலே ஏற்றுங்கள், அல்லது பேனரை மேடைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கட்டுவார்கள் என்று பந்தல்காரரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

---

ஆற்றங்கரை குமார்

இது என் புத்திக்கே எட்டலை டீச்சர். மேலே ஏற்றினா தலைப்பு எங்கே போகும்னு யோசிக்கணும். பந்தல்காரர்கிட்ட நாளைக்குப் பேசுறேன். மொத்த அளவு மாறாதுங்கறதால கடைக்கான குறிப்பை இப்பவே எழுதிடலாம்னு நினைக்கிறேன்.

---

ரோல் மெஷின் பாபு

எழுதுங்க, ஆனா அதுக்கு முன்னால கடைக்கு ஒரு போன் போட்டு ஒரே கேள்வி கேளுங்க: "உங்ககிட்ட பத்தடி ரோல் இருக்கா?" உங்க ஃபைல் உயரம் 104 இஞ்ச், அதாவது 8 அடி 8 இஞ்ச். பத்தடி ரோல்ல நீளவாக்கில போட்டா ஒட்டே இல்லாம ஒரே துண்டா வரும். எட்டடி ரோல்தான் இருந்தா 96 இஞ்சுதான் கிடைக்கும், அதுலயும் ஓரத்துல கொஞ்சம் மெஷின் அடிக்காது. அப்போ ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒட்டுப் போடுவாங்க, இல்லன்னா உங்களைக் கேட்காமலே 104ஐ 96ஆகச் சுருக்குவாங்க. பத்தடி ரோல்னா மீந்த துணிக்கும் சேர்த்துச் சதுர அடிக் காசு கேட்கலாம். அதை முன்கூட்டியே பேசிடுங்க.

ரெண்டாவது, அந்தச் சுருக்கலைக் கண்டுபிடிக்க ஒரு வழி. மடிப்புப் பகுதிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத இடத்துல, படுக்கைவாட்டில ஒரு கோடு, நிமிர்ந்த மாதிரி ஒரு கோடு போடுங்க. ரெண்டும் சரியா 12 இஞ்ச், 72ல 864 பிக்சல். பேனர் வாங்கப் போறப்போ டேப் எடுத்துட்டுப் போங்க. ஆபரேட்டர் "24 x 8"னு மட்டும் மனசுல வச்சுக்கிட்டு உங்க 296 x 104 ஃபைலை 288 x 96ல திணிச்சார்னா, படுக்கைக் கோடு 11.7 வரும், நிமிர்ந்த கோடு 11.1தான் வரும். ரெண்டும் ஒரே மாதிரி குறையலைங்கறதால முகமெல்லாம் நூத்துக்கு அஞ்சு பங்கு அகலமாயிடும். கண்ணால பார்த்தா "என்னமோ சரியில்ல"ன்னு தோணும், ஆனா என்னன்னு சொல்ல வராது. டேப் சொல்லிடும்.

இன்னொண்ணு. ஓரத்தை ஒட்டி மெல்லிசா பார்டர் கோடு போட்டிருந்தா எடுத்திடுங்க. சட்டத்துல இழுத்துக் கட்டுறப்போ ஃப்ளெக்ஸ் அங்கங்க அரை இஞ்ச் நகரும், கோடு பாம்பு மாதிரி நெளியும்.

---

தேனி ராசு

நான் இல்லஸ்ட்ரேட்டர்ல 296 அங்குலம் போட்டுப் பார்த்தேன், எடுக்கவே மாட்டேங்குது. 227க்கு மேல போகலை. என் சாஃப்ட்வேர் பழசு.

---

ரோல் மெஷின் பாபு

பழசுல அவ்வளவுதான். பத்துல ஒரு பங்கா செய்யுங்க. 29.6க்கு 10.4 இஞ்ச், ரெசல்யூஷன் 720. பிக்சல் அதே 21,312தான். ஆனா அப்போ மடிப்பும் பத்துல ஒரு பங்கு, 0.4 இஞ்ச். ஒரு பையன் பத்துல ஒரு பங்கு ஃபைல்ல மறந்துபோய் நாலு இஞ்ச் மடிப்பு விட்டுக் கொண்டுவந்தான். அப்படியே அடிச்சிருந்தா நாலு பக்கமும் 40 இஞ்ச் வெத்து வானம் வந்திருக்கும். குறிப்பில் "1:10" போடாம விட்டா எங்களுக்கு ஃபைல் சைஸைப் பார்த்து யூகிக்கத்தான் முடியும்.

---

செல்வி அச்சுக்கலை

சரி பாபு, 72ஐ ஏத்துக்கிறேன், கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். ஆனா நிறம்? ஆர்ஜிபி-ல கொடுத்தா அந்த வானத்து நீலமும் வேப்பமரப் பச்சையும் அச்சுல செத்துப் போகும். சிஎம்ஒய்கே-ல மாத்தித் திரையில பார்த்துட்டுக் கொடுத்தாதான் என்ன வரும்னு தெரியும்.

---

ரோல் மெஷின் பாபு

எந்த சிஎம்ஒய்கே அக்கா? நீங்க மாத்துறது ஆப்செட் தாளுக்கான ப்ரொஃபைல். என் மெஷின் மை வேற, துணி வேற. நீங்க ஒரு தடவை மாத்தி, என் ரிப் இன்னொரு தடவை மாத்துறப்போ இன்னும் மங்கும். நான் எஸ்ஆர்ஜிபி-லயே கொடுங்கன்னுதான் கேட்பேன்.

---

செல்வி அச்சுக்கலை

எங்க ஊர்க் கடையில ஆர்ஜிபி கொடுத்து ஊதாப் புடவை கத்தரிப்பூ நிறமில்லாம நீலமா வந்துச்சு. நான் என் கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன்.

---

மீனாட்சி ஸ்டுடியோ

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் கடையில் உண்மை. குமார், அந்தக் கடையையே கேளுங்கள். முடிந்தால் பேனரில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு விதமாகவும் மாதிரி அடித்துப் பாருங்கள். அந்தத் துண்டில் மிக மோசமான முகம் ஒன்று, வானம் கொஞ்சம், எழுத்து கொஞ்சம் இருக்கட்டும்.

எழுத்து என்றதும் நினைவு வந்தது. தமிழ் எழுத்துகளை அப்படியே விட்டு அனுப்பாதீர்கள். அங்கே அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். கோரல் டிராவில் Ctrl+Q போட்டு வளைகோடாக்கி விடுங்கள், ஃபோட்டோஷாப் என்றால் எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிட்டு அனுப்புங்கள்.

---

ஆற்றங்கரை குமார்

கடைக்குப் போன் பண்ணினேன். பத்தடி ரோல் இருக்கு. நிறத்துக்கு "எது வேணா கொடுங்க"ன்னு சொல்றாங்க, அதனால மாதிரி அடிச்சுத்தான் பார்க்கணும். குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கேன்:

> வணக்கம். பள்ளிப் பொன்விழா மேடைப் பின்னணி பேனர், ஒன்று. ஃப்ளெக்ஸ், மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது. பின்னால் லைட் கிடையாது.
>
> சட்டத்தில் கட்டிய பின் முன்னால் தெரிய வேண்டிய அளவு: அகலம் 24 அடி (288 அங்குலம்), உயரம் 8 அடி (96 அங்குலம்).
> மடிப்புக்கு நாலு பக்கமும் 4 அங்குலம் ஃபைலிலேயே சேர்த்திருக்கிறேன். ஆகவே அச்சாக வேண்டிய மொத்த அளவு 296 x 104 அங்குலம். தயவுசெய்து 24 x 8க்குச் சுருக்க வேண்டாம், ஓரத்தை வெட்டவும் வேண்டாம்.
>
> ஃபைல் நிஜ அளவில் இருக்கிறது (1:1), 72 பிபிஐ, 21312 x 7488 பிக்சல். பெயர்: ponvizha_296x104in_72ppi.tif
> எழுத்து, முகம் எதுவும் தெரியும் ஓரத்திலிருந்து 6 அங்குலத்துக்குள் இல்லை.
>
> பத்தடி ரோலில், ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக வேண்டும். ஒட்டுப் போட வேண்டி வந்தால் அடிப்பதற்கு முன் போன் செய்யவும், முகத்தின் மேல் ஒட்டு வரக் கூடாது.
>
> இடது மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் 12 அங்குலக் கோடு ஒவ்வொன்று இருக்கிறது. வாங்கும்போது டேப் வைத்து அளந்து பார்ப்பேன்.
>
> முதலில் 26 x 26 அங்குல மாதிரித் துண்டு இரண்டு (ஒன்று ஆர்ஜிபி, ஒன்று சிஎம்ஒய்கே) இதே துணியில் அடித்துத் தரவும், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன். அதைப் பார்த்த பிறகு பெரியதை அடிக்கலாம்.

பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்.

---

ரோல் மெஷின் பாபு

இப்படி ஒரு குறிப்பு வந்தா நான் யாரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதில்ல. மாதிரித் துண்டுலயும் 12 இஞ்ச் கோடு போட்டீங்களா?

---

ஆற்றங்கரை குமார்

போட்டேன் அண்ணா.

---

ஆற்றங்கரை குமார் (ஆறு நாள் கழித்து)

மாதிரி வந்துச்சு. கடையிலேயே டேப் வச்சு அளந்தேன். கோடு 11 அங்குலமும் ஒரு நூலும்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 26ஐ 24 ஆக்கினா 12 அங்குலம் 11.08 ஆகும். திரும்பப் போய்க் கேட்டப்போ, குறிப்பைப் படிச்ச பையன் வேற, அடிச்சவர் வேற. அடிச்சவர்கிட்ட "ரெண்டடிக்கு ரெண்டடி சாம்பிள்"னு வாயாலதான் சொல்லியிருக்காங்க. அவர் நல்ல மனுஷன், குறிப்பைத் தாளில் அச்செடுத்து மெஷின் பக்கத்துல ஒட்டி வச்சுட்டார். பெரிய பேனருக்கு 296, 104 ரெண்டையும் என் முன்னாலேயே அவர் தட்டச்சு செய்யறதா சொல்லியிருக்கார்.

நிறம் இன்னும் முடிவாகலை. சிஎம்ஒய்கே துண்டில் வானம் மங்கல், ஆனா முகத்தோட நிறம் அதில்தான் இயல்பா இருக்கு. ஆர்ஜிபி துண்டில் வானம் பளிச்சுன்னு இருக்கு, முகம் கொஞ்சம் சிவந்து தெரியுது.

கணக்கு வாத்தியார் முகத்தை அசலிலிருந்து 600ல ஸ்கேன் பண்ணிட்டேன். மாதிரியில் வச்சது அவரைத்தான். நாலடியில் நின்னு பார்த்தேன், மூக்குக்கண்ணாடியோட வளைவு தெரியுது. மத்த மூணு பேரும் அதே படத்தில் பின்வரிசை, அதில் ஒருத்தர் முகத்தின் மேல் பூஞ்சை படர்ந்திருக்கு. மீனாட்சி அக்கா, அதை எதுவும் செய்ய முடியுமா? ஸ்கேனை உங்களுக்கு டாக்குமெண்டா அனுப்புறேன்.

---

மீனாட்சி ஸ்டுடியோ

அனுப்புங்கள் தம்பி. பூஞ்சை கண்ணின் மேல் இருக்கிறதா, கன்னத்தின் மேலா? கன்னம் என்றால் சரிசெய்துவிடலாம். கண் என்றால் அவருடைய வேறு படம் ஏதாவது, எவ்வளவு சின்னதானாலும், அவர் வீட்டில் கேட்டு வாங்கி வையுங்கள்.

---

கோவை ஜெயந்தி

பந்தல்காரர் என்ன சொன்னார்?

---

ஆற்றங்கரை குமார்

மேடைத் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்த்த முடியாதாம் டீச்சர், மேலே சவுக்குக் கம்பு இடிக்குதாம். அதனால முகங்கள் மேலே போகுது, தலைப்பு நடுவில் கட்டடத்துக்கு மேல் வருது. இன்னிக்கு ராத்திரி அந்த வேலைதான்.